பூட்டிய வீட்டையும் எண்ணுங்கள்: மாவு வியாபாரத்துக்கு ஒரு சந்தை ஆய்வு அறிக்கை

கேள்வி: பாளையங்கோட்டை பெருமாள்புரத்தில் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஒரு நாளைக்கு 25 கிலோ வரை போகிறது. 100 கிலோ அரைக்கும் அளவுக்கு டில்டிங் கிரைண்டரும் ஒரு பெரிய குளிர்பெட்டியும் வாங்கக் கடன் கேட்டேன். வங்கியில் சந்தை ஆய்வு அறிக்கை கொண்டுவரச் சொல்கிறார்கள். எங்கள் வாட்ஸப் குழுவில் 60 பேரிடம் கேட்டதில் 52 பேர் வாங்குவோம் என்றார்கள். இதை வைத்து எப்படி எழுதுவது?

பதில்:

முதலில் அந்த 52-ஐப் பார்த்துவிடுவோம். குழுவில் இருப்பவர்கள் யார்? ஏற்கெனவே உங்களிடம் வாங்குகிறவர்கள், சொந்தக்காரர்கள், பிள்ளையோடு படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள். உங்கள் முகத்தைத் தெரிந்தவர்கள் "வாங்க மாட்டேன்" என்று எழுதுவார்களா? நம் ஊரில் தெரியாதவர் வந்து கேட்டாலே "வெயில்ல வந்து நிக்குது பிள்ளை, வாங்குதேன்னு சொல்லிருவோம்" என்பார்கள். அந்த 52 உங்கள் நல்ல பெயருக்குச் சான்று. சந்தை எவ்வளவு பெரியது என்பதை அது காட்டாது. அந்தக் குழுவில் எனக்கு ஆர்வம் தருகிறவர்கள் வேண்டாம் என்ற 8 பேர்தான். இவ்வளவு சங்கடத்தையும் மீறி ஏன் வேண்டாம் என்றார்கள் என்று போய்க் கேளுங்கள்.

வங்கி மேலாளர் கேட்பது ஒன்றுதான்: 100 கிலோ மாவை வாங்க அந்தப் பகுதியில் ஆள் இருக்கிறதா? அதற்கு யாரைக் கேட்டீர்கள், எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், எத்தனை பேர் சிக்கவில்லை என்ற மூன்றையும் அறிக்கை சொல்ல வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மாவு வியாபாரத்தில் அதுதான் உயிர்நாடி. ஏன் என்று கீழே கணக்கோடு சொல்கிறேன். கணக்கில் வரும் எண்கள் விளங்குவதற்காக நான் இட்டவை. உங்கள் அறிக்கையில் நீங்கள் எண்ணி வந்தவைதான் இருக்க வேண்டும்.

முதல் வேலை, எல்லை போடுவது. "திருநெல்வேலி மக்கள்" என்று எழுதாதீர்கள். மாநகராட்சியில் 55 வார்டுகள் இருக்கின்றன, நீங்கள் டவுன் ரதவீதி வரை போய் மாவு போடப்போவதில்லை. ஸ்கூட்டரில் காலையில் ஒரு மணி நேரத்துக்குள் சுற்றி வரக்கூடிய தெருக்கள் எவை? அவற்றின் பெயரைத் தாளில் எழுதுங்கள். 40 தெருக்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் தேடினால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கிடைக்கும், மாநகராட்சி மொத்தத்துக்கு 4,73,637 பேர் என்று. அதைப் போட்டு அறிக்கையின் முதல் பக்கத்தை அலங்கரிக்கிறவர்கள் நிறைய. உங்கள் 40 தெருவுக்கு அது எதையும் சொல்லாது. அப்போது காலிமனையாகக் கிடந்த இடத்தில் இன்று மூன்று மாடி எழும்பி நிற்கிறது.

40 தெருப் பெயரையும் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்கி 12 சீட்டு எடுங்கள். தெரிந்த தெரு வரவில்லையே என்று மறுபடி குலுக்கக் கூடாது. அந்த 12 தெருவிலும் நடந்து வீடுகளை எண்ணுங்கள். கதவை எண்ணாமல் அடுப்பை எண்ணுங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் தனி அடுப்பு வைத்திருந்தால் அது தனி வீடு. ஆய்வுக்குப் போகிறவர்கள் வழக்கமாகக் கீழ்வீட்டு அம்மாவிடம் பேசிவிட்டு, மாடிப்படி ஏறச் சோம்பல்பட்டு நகர்ந்துவிடுவார்கள். கீழே இருப்பது பெரும்பாலும் வீட்டுக்காரர், கிரைண்டரும் அரைக்க நேரமும் உள்ளவர். மாடியில் இருப்பது வாடகைக்கு வந்த சின்னக் குடும்பம். உங்கள் மாவு ஏறப்போவது மாடிக்குத்தான்.

12 தெருவில் 360 அடுப்பு இருந்தால், ஒவ்வொரு மூன்றாவது வீட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வீடு ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதையும் சீட்டுப் போட்டே முடிவு செய்யுங்கள். மொத்தம் 120 வீடு. சின்னத் தெருவோ பெரிய தெருவோ எல்லாவற்றிலும் மூன்றில் ஒன்று என்பதால் எந்தத் தெருவும் கணக்கில் கூடுதலாகப் புகாது.

இனிதான் கோளாறு வரும் இடம். பல வருடங்களுக்கு முன் ஒரு நொறுக்குத்தீனிக் கடைக்காக நான் முதன்முதலாகத் தெருத்தெருவாகப் போனபோது பகல் 11 மணிக்குத்தான் கிளம்புவேன். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைத் தட்டி எண்ணிக்கையை நிரப்பிவிடுவேன். 150 படிவம் கேட்டார்கள், 150 படிவம் கொடுத்தேன். அறிக்கையும் அழகாக வந்தது. கடை திறந்த பிறகு வந்தவர்களில் பாதிப்பேர் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள். என் படிவங்களில் அவர்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டை எடுத்தபோது, வேலைக்குப் போகிறவரைத் தள்ளிவிட்டு வீட்டில் இருப்பவரை எடுத்திருக்கிறேன். பதில் சொன்னவர் எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கேட்ட ஆள்தான் தப்பு.

மாவுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். யார் மாவை வெளியே வாங்குகிறார்கள்? அரிசி உளுந்து ஊறப்போட்டு அரைக்க நேரம் இல்லாதவர்கள். பகலில் யார் வீடு பூட்டிக் கிடக்கிறது? அதே ஆட்கள் வீடுதான்.

ஆகவே பூட்டிய வீட்டுக்கு மாற்று வீடு எடுக்கக் கூடாது. வீட்டு எண்ணைக் குறித்துக்கொண்டு மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, அப்போதும் இல்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை போங்கள். ஞாயிறு காலை பாளையங்கோட்டையில் பல வீடுகளில் கோயிலுக்குப் போயிருப்பார்கள், அதனால் பகல் சாப்பாட்டுக்கு முன் 12 மணி வாக்கில் போவது நல்லது. நடந்ததைப் பின்வருமாறு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 120 வீட்டில் முதல் சுற்றில் 78 வீடு பதில் சொன்னது, 12 வீடு "வேண்டாம், போங்க" என்றது, 30 வீடு பூட்டு. அந்த முப்பதில் மறுபடி போனபோது 21 வீடு பேசியது, 3 வீடு மறுத்தது, 6 வீடு கடைசி வரை பூட்டு. ஆக பதில் கிடைத்தது 99.

இப்போது பாருங்கள். கடந்த ஏழு நாளில் வெளியே மாவு வாங்கினீர்களா என்று கேட்டதற்கு, பகலில் பேசிய 78 வீட்டில் 20 வீடு ஆம் என்றது. அதாவது நாலில் ஒன்று. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையும் மறுபடி போனபோது பேசிய 21 வீட்டில் 13 வீடு ஆம். அது நூற்றுக்கு அறுபதைத் தாண்டுகிறது. இரண்டும் சேர்ந்து 99-க்கு 33, மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு எண்ணையும் தனித்தனியே அறிக்கையில் காட்டுங்கள். படிக்கிறவருக்கு நீங்கள் மாலையிலும் போயிருக்கிறீர்கள் என்பதும், உங்கள் வாடிக்கையாளர் யார் என்பதும் ஒரே வரியில் தெரிந்துவிடும்.

மீதி 21 வீடு, அதாவது மறுத்த 15-ம் பூட்டிய 6-ம், என்ன செய்கின்றன என்று நமக்குத் தெரியாது. அதற்காகக் கைவிரிக்க வேண்டாம், இரண்டு ஓரத்தையும் போட்டுக் காட்டிவிடலாம். அவர்களில் ஒருவர்கூட வாங்குவதில்லை என்று வைத்தால் 120-க்கு 33, நூற்றுக்கு 27 அல்லது 28. எல்லோரும் வாங்குகிறார்கள் என்று வைத்தால் 120-க்கு 54, நூற்றுக்கு 45. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. இது தவிர, எல்லா வீட்டையும் கேட்காமல் சிலவற்றை மட்டும் கேட்டதால் வரும் ஏற்றத்தாழ்வு தனி. 99 வீட்டுக்கு 33 என்றால் அது இரண்டு பக்கமும் ஒன்பது சதவீதப் புள்ளி வரை நகரலாம் என்பது புள்ளியியல் கணக்கு. ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரி வாங்குவார்கள் என்பதால் இன்னும் சற்றுக் கூடவே நகரும். அறிக்கையில் "33.33 சதவீதம்" என்று தசமப் புள்ளி போட்டு எழுதினால் விஷயம் தெரிந்தவர் சிரிப்பார். "சுமார் மூன்றில் ஒரு பங்கு" போதும்.

என்ன கேட்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். "எங்கள் மாவை வாங்குவீர்களா" என்ற கேள்வி படிவத்திலேயே இருக்கக் கூடாது. "நேற்று ராத்திரி, இன்று காலை வீட்டில் என்ன டிபன்?" என்று தொடங்குங்கள். இட்லி, தோசை என்று வந்தால் "மாவு வீட்டில் அரைத்ததா, வாங்கியதா?" வாங்கியது என்றால் எங்கே, எத்தனை கிலோ, என்ன விலை கொடுத்தீர்கள். இந்த ஏழு நாளில் எத்தனை தடவை. இவ்வளவுதான். நடந்து முடிந்ததைக் கேட்டால் ஆட்கள் யோசித்துச் சரியாகச் சொல்வார்கள், நடக்கப்போவதைக் கேட்டால் மரியாதைக்குச் சொல்வார்கள். விலையும் அப்படியே. "எவ்வளவுக்குக் கொடுத்தால் வாங்குவீர்கள்" என்று கேட்டால் பேரம்தான் நடக்கும். அப்புறம், நீங்களே போய்க் கேட்காதீர்கள். உங்களை அறியாத ஒரு கல்லூரிப் பிள்ளையை அனுப்புங்கள். மாவு விற்கிற அக்காவே வந்து நின்றால் கிரைண்டர் ரிப்பேர் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பிள்ளை கொண்டுவரும் படிவங்களில் பத்தில் ஒன்றை எடுத்து அந்த வீட்டுக்கு நீங்கள் போய் "இப்படி ஒரு பிள்ளை வந்துச்சா?" என்று மட்டும் விசாரியுங்கள். ஒரு நாள் கொண்டுவந்த படிவங்களில் மறுத்த வீடோ பூட்டிய வீடோ ஒன்றுகூட இல்லை என்றால், டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியது என்று சந்தேகப்படலாம்.

இனி கண்டது என்ன என்ற பகுதி. 33 வீடும் சேர்ந்து ஒரு வாரத்தில் 63 கிலோ வாங்கியிருக்கின்றன. சராசரி ஒரு வீட்டுக்கு 1.9 கிலோ என்று உடனே எழுதத் தோன்றும். எழுதுவதற்கு முன் படிவங்களை ஒருமுறை புரட்டுங்கள். ஒரு வீட்டில் மட்டும் 14 கிலோ. விசாரித்தால் அங்கே ஒன்பது மாணவர்கள் பேயிங் கெஸ்டாகத் தங்கியிருக்கிறார்கள். அந்த ஒரு வீட்டை ஒதுக்கினால் 32 வீட்டுக்கு 49 கிலோ, வீட்டுக்கு ஒன்றரை. இரண்டு எண்ணையும் எழுதி, ஏன் ஒன்றரையை எடுத்துக்கொண்டீர்கள் என்று ஒரு வரி சொல்லுங்கள். அந்த வீட்டை மறைக்க வேண்டாம். அப்படிப்பட்ட வீடுகள் உங்களுக்கு நல்ல வாடிக்கைதான், ஆனால் அது வேறு வியாபாரம்.

எங்கே வாங்கினார்கள்? 33-ல் 19 வீடு தெருமுனையில் அரைத்து ஊற்றிக் கொடுக்கிற லூஸ் மாவு. 9 வீடு அண்ணாச்சி கடைக் குளிர்பெட்டியில் இருந்து கம்பெனி பாக்கெட். 5 வீடு உங்களிடம். உங்கள் திட்ட அறிக்கையில் போட்டியாளர் என்று கம்பெனிப் பெயர்களை அடுக்கி வைத்திருப்பீர்கள். இந்த எண்கள் வந்தால் போட்டி தூக்குவாளியோடு நிற்கிற பக்கத்துத் தெருச் சித்தியிடம்தான். அங்கே பாத்திரம் கொண்டுபோய் வாங்குகிறவர்கள் பாக்கெட்டுக்கு மாறுவார்களா என்பதை இந்த ஆய்வு சொல்லாது. அதையும் எழுதிவிடுங்கள்.

மொத்தச் சந்தையை இப்போது போடலாம். 12 தெருவில் 360 அடுப்பு என்றால் 40 தெருவுக்குச் சுமார் 1200. அதில் மூன்றில் ஒன்று, 400 வீடு. வாரம் ஒன்றரை கிலோ வீதம் 600 கிலோ. நாளுக்குச் சுமார் 86 கிலோ. பேசாத வீடுகளை வைத்து நாம் போட்ட இரண்டு ஓரத்தையும் கணக்கில் எடுத்தால் 70-ல் இருந்து 115 வரை. இது எல்லோரும் விற்பதைச் சேர்த்த அளவு. நீங்கள் 100 கிலோ அரைக்க மெஷின் கேட்கிறீர்கள். லூஸ் மாவு, கம்பெனி மாவு எல்லாம் ஒழிந்து அத்தனை வீடும் உங்களிடம் வந்தாலும் 100 கிலோ போகுமா என்பது சந்தேகம். கடன் அதிகாரி இந்தப் பெருக்கலை மனக்கணக்காகவே போட்டுவிடுவார். அவர் போடும் முன் நீங்கள் போட்டுவைத்து, முதல் வருடத்துக்கு 40 கிலோ, மீதி எந்தப் பகுதியில் என்று சொன்னால் பேச்சு வேறு மாதிரி போகும். மெஷினும் சிறிதாகவே போதும், தவணையும் குறையும்.

இந்தக் கணக்கு சரியா என்று பார்க்க உங்களிடம் ஓர் உரைகல் இருக்கிறது. பலருக்கு இது அமைவதில்லை. உங்கள் விற்பனை நாளுக்கு 25 கிலோ என்பது உறுதியாகத் தெரியும். ஆய்வு சொல்வது என்ன? 33-ல் 5 வீடு உங்களுடையது, 86 கிலோவில் அந்தப் பங்கு சுமார் 13 கிலோ. 25-க்கும் 13-க்கும் இடைவெளி பெரிது. உடனே ஆய்வு தப்பு என்று தூக்கிப் போடாதீர்கள், விற்பனை நோட்டை எடுங்கள். டிபன் கடைக்கோ மெஸ்ஸுக்கோ நாளுக்குப் பத்துக் கிலோ போகிறதா? அந்த 40 தெருவைத் தாண்டி எவருக்காவது கொடுக்கிறீர்களா? அவற்றைக் கழித்துவிட்டுப் பாருங்கள். நெருங்கி வந்தால் நல்லது. வராவிட்டாலும், 5 வீடு என்பது மிகச் சின்ன எண், இன்னொரு நாள் கேட்டிருந்தால் 3-ஓ 8-ஓ ஆகியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். இந்த ஒப்பீட்டை அறிக்கையில் கட்டாயம் சேருங்கள், ஒத்துப்போகாவிட்டாலும் சேருங்கள்.

கடைகளையும் கேட்க வேண்டுமா என்றால், வேண்டும், ஆனால் கேள்வி வேறு. அண்ணாச்சியிடம் "எத்தனை பாக்கெட் போகும்" என்றால் நாளைக்கே இருபது கொண்டாங்க என்பார். ரிட்டர்ன் உங்கள் தலையில்தானே விழும்! "நேத்து எத்தனை திரும்பிச்சு?" என்று கேளுங்கள். முடிந்தால் ஏழு நாள், காலையில் ஒருமுறை ராத்திரி ஒருமுறை குளிர்பெட்டியைப் பார்த்து எண்ணிவிடுங்கள். சித்திரை வெயிலில் மாவு வேகமாகப் புளிக்கும், ரிட்டர்ன் கூடும். பெட்டியில் இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். பால் பாக்கெட்டும் குளிர்பானமும் நிரம்பிய பெட்டியில் உங்கள் மாவுக்கு ஒரு தட்டு கிடைப்பதுதான் பல கடைகளில் எல்லை.

தரவின் வரம்புகள் என்ற பகுதியைக் கடைசியில் ஒப்புக்கு எழுதுவார்கள், "நேரமும் நிதியும் போதவில்லை" என்று. அது வரம்பு அல்ல, சாக்கு. எந்த முடிவு எதனால் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்வதுதான் வரம்பு. இந்த மாதிரி எழுதலாம்:

"இந்த ஆய்வு ஒரே வாரத்தில் எடுக்கப்பட்டது. சம்பளம் வரும் மாத முதல் வாரத்தில் எடுத்ததால் வாங்கும் அளவு சற்றுக் கூடுதலாகத் தெரியலாம். வாங்கிய அளவு வீட்டார் நினைவில் இருந்து சொன்னது, எடை போட்டுப் பார்க்கவில்லை. காவலாளி உள்ள இரண்டு அடுக்ககங்களில் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. அங்கு வேலைக்குப் போகும் தம்பதிகள் அதிகம் என்பதால் உண்மையான தேவை எங்கள் மதிப்பீட்டைவிடக் கூடுதலாக இருக்கலாம். மேலப்பாளையம், டவுன், சந்திப்புப் பகுதிகளுக்கு இந்த முடிவுகள் பொருந்தா. ருசி பிடிக்குமா, வழக்கமாக வாங்கும் இடத்தை மாற்றுவார்களா என்பது இதில் அளக்கப்படவில்லை."

கூடும் என்பதையும் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். எல்லா வரம்பும் உங்களுக்குச் சாதகமாகவே சாய்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வாரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். அமாவாசை, விரத நாட்களில் வெளிமாவு தொடாத வீடுகள் உண்டு. நோன்பு மாதத்தில் முஸ்லிம் குடும்பங்களின் காலை உணவு நேரமே மாறிவிடும். ஆனித் தேரோட்டத்தின்போது வீடு நிறைய விருந்தாள் இருக்கும் குடும்பங்கள் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் மழைவெள்ளம் வந்ததே, அந்த வாரத்தில் யாராவது இப்படி ஆய்வு எடுத்திருந்தால் அதைக் குப்பையில்தான் போட வேண்டும். பள்ளிக்கூடம் நடக்கிற, பண்டிகை எதுவும் இல்லாத ஒரு வாரமாகப் பாருங்கள். ஆய்வு எடுத்த தேதிகளை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள்.

அறிக்கை ஆறு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எல்லையும் முறையும் ஒரு பக்கம், 120 வீட்டில் எத்தனை பேசியது எத்தனை பூட்டு என்ற அட்டவணை அரைப்பக்கம், கண்டது இரண்டு பக்கம், கடைகள் ஒரு பக்கம், வரம்பு ஒரு பக்கம். பின்னால் காலிப் படிவம் ஒன்றும் குலுக்கி எடுத்த 12 தெருவின் பட்டியலும். நிரப்பிய படிவங்களை இணைக்காதீர்கள், அதில் வீட்டு எண் இருக்கிறது. கட்டி வீட்டில் வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

அந்த 52 பேரையும் வீணாக்க வேண்டாம். "தற்போதைய வாடிக்கையாளர் கருத்து" என்று தனித் தலைப்பில், வாட்ஸப் குழுவில் கேட்டது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, 60-ல் 52 என்று ஒரே வரியில் போடுங்கள். சந்தை அளவுக் கணக்கில் மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள்.